மூன்று வருடத்தில் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகளிடமும், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துகிறவர்களிடமும் ஒரே வாசகம் புழங்குகிறது: “என்.பி.வி. பரீட்சைக்கு, பேபேக் பிழைப்புக்கு.” நிகர நடப்பு மதிப்பு என்பது பத்து மதிப்பெண் வாங்கித் தரும் பாடப்புத்தகச் சடங்கு என்றும், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று பார்ப்பதுதான் தொழில் தெரிந்தவர்களின் கணக்கு என்றும் அதற்குப் பொருள். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களில் சிலரும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வில் என்.பி.வி. அதிகமுள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுத்து எழுது, வெளியே போனால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள்.

இந்த வாசகம் தவறு. பேபேக் எளிமையானது என்பது உண்மைதான். ஆனால் அது நடைமுறைக்கு ஏற்றது, ஜாக்கிரதையானது, ரொக்கத் தட்டுப்பாடு உள்ளவனைக் காப்பாற்றுவது என்ற மூன்றும் சரியல்ல. மூன்றையும் எண்களை வைத்தே மறுக்க முடியும்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவோம். சிறு தொழில் செய்பவருக்கு நான்கு வருடத்துக்குப் பிறகு ஆர்டர் இருக்குமா என்று தெரியாது. வட்டி விகிதம் 12 என்று கேள்வித்தாள் சொல்லிவிடும். பட்டறைக்காரருக்கு அதை யார் சொல்வார்கள்? பணம் சீக்கிரம் திரும்பினால் அடுத்த வேலைக்கு ஆகும், திரும்பாவிட்டால் சம்பள நாளில் கை பிசைய வேண்டும். பெரிய நிறுவனங்களே பேபேக்கைக் கைவிடவில்லை. அமெரிக்க, கனடா நிறுவனங்களின் 392 நிதித் தலைமை அலுவலர்களிடம் ஜான் கிரஹாம், கேம்ப்பெல் ஹார்வி இருவரும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் என்.பி.வி.யைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பேபேக்கையும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிறு நிறுவனங்களில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன. எல்லோரும் செய்வதில் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டாமா என்று கேட்பது சரியான கேள்விதான். அதற்கான பதிலை ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

தேர்வில் வருவது போன்ற ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை முதலாளியிடம் 20 லட்சம் ரூபாய்க்கு இரண்டு யோசனைகள் இருக்கின்றன. முதலாவது, ஒரே ஒரு கார் மாடலுக்கான பாகத்தை அடித்தெடுக்கும் டை. அந்த மாடல் ஓடும் வரை அதற்கு வேலை இருக்கும். வரி போகக் கையில் நிற்பது முதல் இரண்டு வருடங்களில் 8 லட்சம் வீதமும், மூன்றாம் வருடம் 6 லட்சமும், நான்காம் வருடம் 3 லட்சமும். அதோடு அந்த டை பழைய இரும்பு. இரண்டாவது, யாருடைய ஜாப் ஒர்க்கையும் செய்து கொடுக்கக்கூடிய ஒரு சி.என்.சி. லேத். அது வருடத்துக்கு 4.5 லட்சம் வீதம் பத்து வருடங்களுக்குத் தரும். முதலீட்டுக்கான பணத்தின் செலவு 12 சதவீதம்.

பேபேக் கணக்கு சுலபம். டையில் இரண்டு வருடத்தில் 16 லட்சம் வந்துவிடும். மீதி 4 லட்சம் மூன்றாம் வருடத்தின் 6 லட்சத்திலிருந்து எட்டு மாதத்தில் கிடைக்கும். ஆக இரண்டு வருடம் எட்டு மாதம். லேத்தில் நான்கு வருடத்துக்கு 18 லட்சம், மீதி 2 லட்சத்துக்கு இன்னும் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆக சுமார் நான்கு வருடம் ஐந்து மாதம். மூன்று வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது முதலாளியின் விதி என்றால் டை தேறும், லேத் தேறாது. டையிலிருந்து மொத்தம் 25 லட்சம் வருவதால் 5 லட்சம் லாபம் என்றும் அவர் சொல்லிக்கொள்வார்.

இப்போது என்.பி.வி. ஒரு வருடம் கழித்து வரும் ஒரு ரூபாய் 12 சதவீதத்தில் இன்றைக்கு 0.893 ரூபாய்க்குச் சமம். இரண்டு வருடம் கழித்து வருவது 0.797, மூன்றுக்கு 0.712, நான்குக்கு 0.636. இந்த எண்களால் பெருக்கினால் டையின் வரவுகள் முறையே 7.14, 6.38, 4.27, 1.91 லட்சம் ஆகின்றன. கூட்டினால் 19.70 லட்சம். போட்டது 20 லட்சம். ஆகவே நிகர நடப்பு மதிப்பு 30 ஆயிரம் ரூபாய் நட்டம். லேத்தின் வரவு ஒரே சீரானது என்பதால், பத்து வருட ஆண்டுத்தொகைக் காரணியான 5.650ஆல் 4.5ஐப் பெருக்கினால் போதும். 25.43 லட்சம் வருகிறது. 20 லட்சம் போக 5.43 லட்சம் லாபம். இரண்டு முறைகளும் நேரெதிரான முடிவுக்கு வந்துவிட்டன.

தேர்வுத்தாளில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். “என்.பி.வி. அதிகமாக இருப்பதால் லேத் பரிந்துரைக்கப்படுகிறது” என்று எழுதினால் முழு மதிப்பெண். நம்முடைய பட்டறைக்காரர் கேட்பது இதற்கு அடுத்த கேள்வி. “0.893, 0.797 எல்லாம் புத்தகத்தில் இருக்கிற எண். என் கையில் 25 லட்சம் வந்ததா இல்லையா?” அவருக்கு அட்டவணையைக் காட்டிப் பயனில்லை. வங்கிக் கணக்குப் புத்தகத்தைத்தான் காட்ட வேண்டும்.

டைக்கான 20 லட்சத்தை 12 சதவீத வட்டியில் கடனாக வாங்கியதாகவும், டை சம்பாதிப்பதை எல்லாம் அப்படியே கடனில் கட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் வருட முடிவில் வட்டியோடு கடன் 22.40 லட்சம். 8 லட்சம் கட்டினால் மீதி 14.40. இரண்டாம் வருடம் அது 16.13 ஆகிறது, 8 கட்டினால் 8.13. மூன்றாம் வருடம் 9.10 ஆகிறது, 6 கட்டினால் 3.10 லட்சம் பாக்கி. முதல் திரும்பிவிட்டதாக பேபேக் அறிவித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. வங்கியோ இன்னும் மூன்று லட்சத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான்காம் வருடம் அது 3.48 ஆகிறது. டையின் கடைசி 3 லட்சத்தையும் கட்டிய பிறகு 47,576 ரூபாய் கடன் மிச்சம். டை பழைய இரும்புக் கடைக்குப் போயாகிவிட்டது. இந்த 47,576 ரூபாயை நான்கு வருடம் பின்னோக்கி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கிடைப்பதுதான் அந்த 30 ஆயிரம் நட்டம்.

லேத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் கடன் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஐந்தாம் வருட முடிவிலும் 6.66 லட்சம் பாக்கி. ஏழாம் வருடத்தில் கடன் முழுவதும் அடைந்து 1.19 லட்சம் கையில் நிற்கிறது. அதன்பிறகு வரும் மூன்று வருடங்களின் 13.5 லட்சமும் முதலாளிக்கே. என்.பி.வி. என்பது கடன் நோட்டில் கடைசியில் நிற்கும் மிச்சம், இன்றைய ரூபாயில் சொல்லப்பட்டது. அதைவிட நடைமுறைக்கு நெருக்கமான கணக்கு வேறு என்ன இருக்கிறது? கடன் வாங்காமல் சொந்தப் பணம் போட்டாலும் இது மாறாது. அந்தப் பணம் வேறு எங்காவது சம்பாதித்திருக்கக்கூடியதை இழப்பதுதான் அதன் வட்டி.

அடுத்து, பேபேக்கில் வட்டி விகிதமே தேவைப்படாது, அதனால் ஊகத்துக்கு இடமில்லை என்ற வாதம். இது பாதி உண்மைகூட இல்லை. பேபேக்கிலும் ஒரு வட்டி விகிதம் உண்டு. அதை வைத்தவருக்கே அது தெரியாது, அவ்வளவுதான்.

வருடாவருடம் ஒரே அளவு வரவு தரும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட தொகையை வருட வரவால் வகுத்தால் பேபேக் காலம். வருட வரவை ஆண்டுத்தொகைக் காரணியால் பெருக்கினால் நடப்பு மதிப்பு. ஆகவே பேபேக் காலம் ஆண்டுத்தொகைக் காரணியைவிடக் குறைவாக இருந்தால்தான் என்.பி.வி. லாபம் காட்டும். இப்படிப் பார்த்தால், “மூன்று வருடத்துக்குள் திரும்ப வேண்டும்” என்பதற்கும் “ஆண்டுத்தொகைக் காரணி 3 ஆக இருக்கும் வட்டி விகிதத்தைத் தாண்டி இந்த இயந்திரம் சம்பாதிக்க வேண்டும்” என்பதற்கும் வித்தியாசமே இல்லை. பேபேக்குக்கும் லாப விகிதத்துக்கும் உள்ள இந்த உறவை மைரன் கார்டன் 1955இலேயே எழுதிவிட்டார்.

அந்த விகிதம் எவ்வளவு? பத்து வருடம் உழைக்கும் இயந்திரத்துக்கு சுமார் 31 சதவீதம். கூரைமேல் போடும் சூரிய மின்தகடு போல 25 வருடம் உழைப்பதற்கு ஏறக்குறைய 33 சதவீதம். நான்கு வருடத்தில் முடிந்துபோவதற்கு 12.6 சதவீதம். மூன்றே வருடம் உழைக்கும் இயந்திரத்துக்கு? பூஜ்யம். 20 லட்சம் போட்டு மூன்று வருடத்தில் சரியாக 20 லட்சம் மட்டும் வந்தாலும் மூன்று வருட விதி அதைத் தேர்ச்சி பெறச் செய்துவிடும்.

இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரே முதலாளி, ஒரே வங்கி, ஒரே பணம். நீண்ட நாள் உழைக்கும் இயந்திரத்திடம் 31 சதவீதம் கேட்கிறார், சீக்கிரம் தேய்ந்துபோவதிடம் எதுவுமே கேட்பதில்லை. நன்றாக உழைக்கும் பொருளுக்குத்தான் இந்த விதியில் அதிகத் தண்டனை. தன்னுடைய பணத்தின் செலவு உண்மையிலேயே 31 சதவீதம் என்று ஒருவர் சொன்னால், சரி, அதையே வைத்து எல்லாத் திட்டங்களுக்கும் என்.பி.வி. போடட்டும். அப்போது டை முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். மூன்று வருட விதியால் டையைத் தேர்ந்தெடுத்தவர் தன் விதியின் உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி விகிதத்தையே மீறியிருக்கிறார்.

இனி இருப்பதிலேயே பலமான வாதத்துக்கு வருவோம். “எதிர்காலத்தை யார் கண்டது? ஃபோர்டு போனது மறந்துவிட்டதா?” ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை யாரும் அதை மறக்கவில்லை. 2021 செப்டம்பரில், கடந்த பத்து வருடங்களில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் இயக்க நட்டம் என்று சொல்லி, இங்கே கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அறிவிப்புக்கும் கடைசிக் காருக்கும் இடையே பத்து மாதம். அந்த ஆலைக்கென்றே டை செய்து வைத்திருந்தவர்களுக்கு நான்காம் வருடம் என்பது இல்லாமலேயே போயிற்று. ஆகவே சீக்கிரம் திரும்பும் பணமே பாதுகாப்பு என்பது வாதம்.

இந்த உதாரணம் பேபேக்குக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. நம்முடைய டை அப்படிப்பட்ட ஓர் ஆலைக்காகச் செய்யப்பட்டு, இரண்டு வருடத்தில் ஆர்டர் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வந்தது 16 லட்சம். இன்றைய மதிப்பில் 13.52 லட்சம். நட்டம் ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த டையை “இரண்டு வருடம் எட்டு மாதம், பாதுகாப்பானது” என்று சான்றிதழ் கொடுத்து உள்ளே அனுப்பியது மூன்று வருட விதிதான். எந்த ஆலைக்கும் வேலை செய்யக்கூடிய லேத்தை ஆபத்தானது என்று வெளியே நிறுத்தியதும் அதே விதிதான்.

காரணம் இதுதான். மூன்று வருட விதி அபாயத்தை அளப்பதே இல்லை. மூன்று வருடத்துக்கு உள்ளே வருவதெல்லாம் நிச்சயம், மூன்று வருடத்துக்குப் பிறகு வருவதெல்லாம் பூஜ்யம் என்று அது எடுத்துக்கொள்கிறது. எந்தத் தொழிலிலும் அபாயம் இப்படி மூன்றாம் வருட இறுதியில் கதவைத் தட்டுவதில்லை. முதல் வருடமே ஆர்டர் போகலாம், பத்து வருடமும் நீடிக்கலாம். அது இயந்திரத்தைப் பொறுத்தது, வாடிக்கையாளரைப் பொறுத்தது. ஒரே பார்ட்டியை நம்பியிருக்கும் டைக்கும் ஊர் முழுக்க வேலை தேடக்கூடிய லேத்துக்கும் ஒரே மூன்று வருடம் என்று கோடு போடும்போதே, அபாயத்தைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

என்.பி.வி. இதை எப்படிக் கையாளும்? அபாயத்தை வரவுக்குள் எழுத வைக்கும். ஒவ்வொரு வருடமும் லேத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைப்போம். அப்போது முதல் வருட வரவை 0.95ஆலும், இரண்டாம் வருட வரவை 0.95ஐ இருமுறையும் என்று பெருக்கிக்கொண்டே போய், பிறகு 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். 5.43 லட்சமாக இருந்த லாபம் சுமார் 30 ஆயிரமாகச் சுருங்குகிறது. வாய்ப்பு 10 சதவீதம் என்றால் மூன்றரை லட்சத்துக்கு மேல் நட்டம். ஆக என்.பி.வி. போட்டால் எல்லாமே லாபமாகத் தெரியும் என்ற பயமும் சரியல்ல. அது முதலாளியிடம் ஒரு தெளிவான கேள்வியை வைக்கிறது: இந்த லேத் எந்த வருடத்திலும் அடியோடு வேலையிழக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எத்தனை பார்ட்டிகளுக்கு வேலை செய்கிறோம், பழைய லேத் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்து அவர் இதற்குப் பதில் சொல்ல முடியும். தன் தொழிலைத் தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில் அது. மூன்று வருட விதியோ அந்த அனுபவத்தைக் கேட்பதே இல்லை. 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஆலைகள் போகும், வரும். அந்தப் போக்குவரத்தில் லேத் பிழைத்திருக்கும், பழைய மாடலின் டை பிழைத்திருக்காது.

மூன்றாவது வாதம் ரொக்கம். இதில் நியாயம் இருக்கிறது. சிறு பட்டறை மூடப்படுவது பெரும்பாலும் லாபம் இல்லாமல் அல்ல, கையில் காசு இல்லாமல். வாங்கியவர்கள் நேரத்துக்குப் பணம் தருவதில்லை என்பதால்தான், குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க விடாமல் வருமான வரிச் சட்டத்தையே திருத்தினார்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ரொக்கத்தைப் பார் என்பது சரியான அறிவுரை. பேபேக் ரொக்கத்தைக் காட்டும் என்பதுதான் தவறு.

லேத்தையே பார்ப்போம். பேபேக் நான்கு வருடம் ஐந்து மாதம். வங்கி ஐந்து வருடத் தவணைக் கடன் தருவதாகச் சொல்கிறது. நான்கரை வருடத்துக்குள் போட்டது திரும்பிவிடுகிறதே, ஐந்து வருடக் கடன் தாராளம் என்று பேபேக் ஆசாமி கையெழுத்துப் போட்டுவிடுவார். கணக்கைப் பாருங்கள். 20 லட்சத்தை 12 சதவீதத்தில் ஐந்து சமத் தவணைகளில் அடைக்க வருடத்துக்கு 5.55 லட்சம் வேண்டும். லேத் தருவது 4.5 லட்சம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழும். ஐந்து வருடத்தில் ஐந்தே கால் லட்சம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். லாபமான இயந்திரத்தை வாங்கி முழுகிப்போவது இப்படித்தான். அதே கடனை ஏழு வருடத்துக்கு வாங்கினால் தவணை 4.38 லட்சம். லேத்தின் வரவுக்குள் அடங்கிவிடுகிறது.

ரொக்கத் தட்டுப்பாடு உள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி இது: எத்தனை வருடக் கடன், எவ்வளவு தவணை, எந்த மாதத்தில் துண்டு விழும்? அதற்கு மாதவாரி வரவு செலவுப் பட்டியல் வேண்டும். பேபேக்கின் ஒற்றை எண் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அது வட்டியை விட்டுவிடுவதால் தப்பான தைரியத்தையும் கொடுக்கும். திட்டம் நல்லதா என்பதை என்.பி.வி. சொல்லட்டும், அதற்குப் பணத்தை எப்படிப் புரட்டுவது என்பதைத் தவணைப் பட்டியல் சொல்லட்டும். இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. முன்பு சொன்ன கிரஹாம்–ஹார்வி ஆய்வும் ரொக்க வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. பணத் தட்டுப்பாடு உள்ள நிறுவனங்கள்தான் பேபேக்கை அதிகம் நாடுகின்றன என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

மிச்சம் இருப்பது அந்த 12 சதவீதம். “எனக்கு அந்த எண் தெரியாது” என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. எந்த விகிதத்தில் லேத்தின் என்.பி.வி. பூஜ்யம் ஆகிறது என்று தேடிப் பார்த்தால் சுமார் 18.3 சதவீதம் என்று வரும். டைக்கு அது 12க்கும் கீழே. ஆகவே அவருடைய பணத்தின் செலவு 12 ஆனாலும் 15 ஆனாலும் 18 ஆனாலும் முடிவு ஒன்றுதான். லேத் தேறும், டை தேறாது. விகிதம் துல்லியமாகத் தெரியாதது இந்தத் தேர்வில் பொருட்டே இல்லை. அது பொருட்டாகும் திட்டங்களும் உண்டு. அப்போது எந்த எல்லைக்குள் கவனமாக இருக்க வேண்டும் என்றாவது தெரியும்.

அப்படியானால் பேபேக்குக்கு எந்த வேலையும் இல்லையா? கொஞ்சம் உண்டு. ஒரே ஆயுள், ஒரே அளவு வரவு, ஒரே அபாயம் உள்ள இரண்டு இயந்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்.பி.வி. சொல்வதையே சொல்லும். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான் வாங்க அது போதும். வரவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றிய பிறகு போட்டது எப்போது திரும்புகிறது என்று பார்த்தால், லேத்தின் விஷயத்தில் ஏழாம் வருடம் என்று வந்ததைப் போல, எத்தனை வருடம் மாட்டிக்கொண்டிருப்போம் என்று தெரியும். அவ்வளவுதான் அதன் எல்லை. தேர்ச்சி, தோல்வி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

இந்தத் தவறான வாசகம் பிறந்ததற்குத் தேர்வுமுறைக்கும் பங்கு உண்டு. கேள்வித்தாள் வட்டி விகிதத்தைத் தானே கொடுத்துவிடுகிறது, தள்ளுபடிக் காரணிகளையும் கீழே அச்சடித்துவிடுகிறது. பேபேக்கின் குறை என்ன என்று கேட்டால், அது பணத்தின் கால மதிப்பைக் கருதுவதில்லை, முதல் திரும்பிய பிறகு வருவதைக் கவனிப்பதில்லை என்ற இரண்டு வரிகளை மாணவர் மனப்பாடமாக எழுதிவிடுகிறார். அந்த இரண்டு குறைகளால் எத்தனை ரூபாய் போகும் என்று அவர் ஒருபோதும் அளந்து பார்த்ததில்லை. அளந்து பார்க்காதவருக்கு அது சடங்காகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அளக்காமல் படிப்பதால் வரும் பிழைகளும் விடைத்தாளில் தெரியும். பணவரவிலிருந்து கடன் வட்டியையும் கழித்துவிட்டு, மறுபடி 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்வது அவற்றில் முக்கியமானது. வங்கிக் கணக்குப் புத்தகத்தை ஒரு முறை எழுதிப் பார்த்தவர் இதைச் செய்ய மாட்டார். அந்த 12 சதவீதமே வட்டி என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது பிழை, தேய்மானத்தைச் செலவாகக் கழித்துவிட்டுத் திருப்பிச் சேர்க்க மறப்பது. தேய்மானம் வரியைக் குறைக்கிறது, கையிலிருந்து பணமாக வெளியே போவதில்லை. இந்தப் பிழையால் பேபேக்கும் என்.பி.வி.யும் சேர்ந்தே கெட்டுப்போகும். இரண்டு எண்களும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதால் பிழை கண்ணில் படாது.

கேள்வி போடும் ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கச் சொல்லி நிறுத்தாதீர்கள். டையும் லேத்தும் ஏன் எதிரெதிர் முடிவைத் தந்தன, மூன்று வருட விதி லேத்திடம் மறைமுகமாக எத்தனை சதவீதம் கேட்கிறது, ஐந்து வருடக் கடனில் எவ்வளவு துண்டு விழும் என்று கேளுங்கள். இதற்குப் புதுப் பாடத்திட்டம் தேவையில்லை, அதே அட்டவணை போதும். மாணவர்கள் விடை எழுதும்போது “என்.பி.வி. அதிகம்” என்று நிறுத்தாமல், நான்காம் வருட முடிவில் டையின் கடன் 47,576 ரூபாய் நிற்கிறது என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

பட்டறை முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. மூன்று வருடத்தில் திரும்ப வேண்டும் என்று அடுத்த முறை சொல்லும் முன், அந்த இயந்திரம் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேளுங்கள். பத்து வருடம் என்றால் நீங்கள் 31 சதவீதம் கேட்கிறீர்கள். மூன்று வருடம் என்றால் எதுவுமே கேட்கவில்லை. இந்த இரண்டும் உங்கள் தொழிலுக்கு ஒத்துவரும் என்றால் பேபேக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராது என்றால், பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த அந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.